பே, தே, கா

உரோமன் எழுத்துகளை ஆங்கிலேயரும் வழங்குகின்றனர். பிரெஞ்சு மக்களும் வழங்குகின்றனர். எழுத்தின் வடிவம் ஒன்றே, பெயரோ வேறு. ஆங்கிலத்தில் 'பி' எனப்படும் எழுத்து பிரெஞ்சு மொழியில் 'பே' எனப்படும். 'டி' எனப்படுவது 'தே' எனப்படும். 'கே' எனப்படுவது 'கா' எனப்படும். பெயர் மட்டுமன்று, ஒலியும் வேறு. ஆங்கிலேயர் இம்மூன்று எழுத்துகளையும் சொல்லின் முதலில் ஒலிக்கும்போது, எழுத்தோடு சிறிது மூச்சும் வெளிப்படும். பிரெஞ்சுக்காரர் வாயிலிருந்து அம்மூச்சு வெளிப்படுவதில்லை.

பிரெஞ்சு மொழி கற்க வரும் தமிழ் இளைஞருள் பலர் இவ்வெழுத்துகளை மூச்சு கலந்தே ஒலிக்கின்றனர். புதுச்சேரியில் பல ஆண்டுகளாகப் பிரெஞ்சு கற்பித்துவரும் எனக்கு இது வியப்பாகவே இருந்துவந்தது. ஏனெனில் தமிழில் இம்மூச்சு இல்லை. பல் என்று சொல்கிறோம். தலை என்று சொல்கிறோம். கல் என்று சொல்கிறோம். இச்சொற்களின் முதலெழுத்தில் மூச்சு தனித்து எழுவதில்லை. தாய்மொழியில் இல்லாத ஒன்று, கற்கும் மொழியிலும் இல்லாத ஒன்று, இரண்டுக்கும் இடையில் எங்கிருந்து வந்து புகுந்தது? இக்கேள்விக்கு விடை கண்டால், அதனைப் போக்கும் வழியும் தானே புலப்படும்.

முதலில் இம்மூச்சு எவ்வாறு பிறக்கிறது என்று காண்போம். பகரத்தை ஒலிக்க இரண்டு உதடுகளும் மூடுகின்றன. உள்ளிருந்து வரும் காற்று அங்கே தேங்குகிறது. உதடுகள் திறந்தவுடன் காற்று வெளியேறுகிறது. அடுத்து வரும் உயிரொலிக்காகத் தொண்டையிலுள்ள குரல்நாண்கள் அதிரத் தொடங்குகின்றன. உதடு திறக்கும் நேரத்தில் குரல்நாண்கள் ஒன்றையொன்று நெருங்கி அதிர்வுக்கு அணியமாக இருந்தால், உயிரொலி உடனே தொடங்கிவிடும், மூச்சுக்கு இடமில்லை. குரல்நாண்கள் அகன்றே இருந்தால், அவை நெருங்கி வருவதற்குள் காற்று தடையின்றிப் பாய்ந்து வெளியேறும். அந்தப் பாய்ச்சலே நாம் சொல்லும் மூச்சு. ஆகவே இது உதட்டின் குற்றமன்று. உதட்டுக்கும் தொண்டைக்கும் இடையே நேரும் காலத் தாழ்ச்சியே ஆகும்.

இத்தாழ்ச்சியை அளக்கவும் முடியும். லிஸ்கர், ஆபிரம்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், 1964-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் பதினொரு மொழிகளின் சொன்முதல் எழுத்துகளை அளந்து காட்டினர். அப்பதினொன்றில் தமிழும் ஒன்று. ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கினால், ஆங்கிலத்தில் வாய் திறந்த பின் குரல் அதிர ஏறத்தாழ 60 முதல் 80 கூறு வரை ஆகிறது. தமிழிலோ ஏறத்தாழ 10 முதல் 25 கூறுக்குள் அதிர்வு தொடங்கிவிடுகிறது. பிரெஞ்சு மொழியில் இது பெரும்பாலும் 20 முதல் 30 கூறு அளவில் நிற்கும். தமிழும் பிரெஞ்சும் அருகருகே நிற்க, ஆங்கிலம் விலகி நிற்பதை இவ்வெண்களே காட்டும்.

அவ்வாறாயின் நம் மாணவர் மூச்சை எங்கிருந்து பெற்றனர்? ஆங்கிலத்திலிருந்தே பெற்றனர். ஆனால் ஆங்கிலம் கற்ற தமிழர் யாவருக்கும் இது நேர்வதில்லை. நம் நாட்டில் இயல்பாக ஆங்கிலம் பேசுவோர் பெரும்பாலும் மூச்சின்றியே பேசுகின்றனர். ஆங்கிலேயரைப் போலவே, அல்லது அமெரிக்கரைப் போலவே பேசவேண்டும் என்று முயன்று பழகியவரிடமும், இலண்டன், தொராந்தோ போன்ற நகரங்களில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளிடமுமே இது வேரூன்றி இருக்கிறது. பிரெஞ்சுச் சொல்லைப் புத்தகத்தில் காணும்போது, உரோமன் எழுத்தைக் கண்ட மாத்திரத்தில் அவர்தம் வாய் ஆங்கில வழியில் சென்றுவிடுகிறது.

எழுத்து செய்யும் மயக்கத்திற்குத் தகரமே தக்க சான்று. ஆங்கிலத்தின் 'டி' எழுத்தை நாம் டகரமாகவே கேட்டுப் பழகியுள்ளோம். டிக்கட், டேபிள் என்றே எழுதுகிறோம். கார்த்திக் என்னும் பெயரை உரோமன் எழுத்தில் எழுத நேர்ந்தால், தகரத்திற்கு 'டி' போதாது என்று கருதி, அதனோடு 'எச்' என்னும் எழுத்தையும் சேர்க்கிறோம். பிரெஞ்சு மொழியிலோ 'தே' என்னும் ஓரெழுத்தே தகரத்தைக் குறிக்கும். தொல்காப்பியர் பிறப்பியலில், மேற்பல்லின் அடியில் நாவின் நுனி பரந்து பொருந்தத் தகரம் பிறக்கும் என்கிறார். பிரெஞ்சுத் தகரமும் அவ்விடத்திலேயே பிறக்கிறது. இதனை அறியாத மாணவர் பிரெஞ்சு மொழியில் மேசையைக் குறிக்கும் சொல்லை, 'தாப்ல்' என்னாது 'டாப்ல்' என்கின்றனர். நா பல்லைவிட்டு மேலேறியவுடன் ஆங்கிலப் பழக்கம் முழுவதும் உடன்வருகிறது, மூச்சும் வருகிறது. தேநீரைக் குறிக்கும் சொல்லைப் பிரெஞ்சுக்காரர் 'எச்' சேர்த்தே எழுதுகின்றனர். அந்த எழுத்துக்கு அங்கே ஒலியில்லை. நம் மாணவர் அச்சொல்லை மட்டும் 'தே' என்று பிழையின்றிப் படிப்பதைக் கண்டிருக்கிறேன். எழுத்து நம் பழக்கத்தோடு பொருந்திய இடத்தில் வாய் தானே நேராகிறது.

மூச்சுக்கு மற்றொரு காரணமும் உண்டு. அது தமிழிலிருந்தே பிறப்பது. 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் பகரத்தில் குரல் அதிர்வு இல்லை. மகரத்தின் பின் வரும் பகரத்தில் அதிர்வு உண்டு. 'தந்தை' என்பதிலும், 'கொங்கு' என்பதிலும் இவ்வாறே. ஒரே எழுத்து இரண்டு ஒலியாக நிற்கிறது. எந்த இடத்தில் எந்த ஒலி என்பதை இடமே முடிவு செய்துவிடுவதால், இரண்டு எழுத்து வேண்டும் என்ற தேவை தமிழுக்கு எழவில்லை. பிரெஞ்சு மொழியிலோ இவ்விரண்டும் வெவ்வேறு எழுத்துகள். சொல்லின் முதலிலேயே வந்து பொருளை மாற்றுவன. அதிர்வில்லாத 'போ' என்றால் தோல். அதிர்வுள்ள 'போ' என்றால் அழகியது. அதிர்வில்லாத 'தூ' என்றால் எல்லாம். அதிர்வுள்ள 'தூ' என்றால் மென்மையானது. அதிர்வில்லாத 'கார்' என்றால் நெடுந்தொலைவு செல்லும் பேருந்து. அதிர்வுள்ள 'கார்' என்றால் இருப்பூர்தி நிலையம்.

தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே தோன்றுவதால், மாணவருக்கு அச்சம் பிறக்கிறது. 'தோல்' என்று சொல்லப்போய் 'அழகு' என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று எண்ணி, பகரத்தை அழுத்திச் சொல்ல முற்படுகின்றனர். அழுத்தம் மூச்சாக வெளிப்படுகிறது. ஆங்கிலக் காதும் இதற்குத் துணைநிற்கிறது. ஆங்கிலத்தில் அதிர்வுள்ள பகரம் சொன்முதலில் பெரும்பாலும் முழு அதிர்வோடு வருவதில்லை. எனவே ஆங்கிலேயர் மூச்சு உண்டா இல்லையா என்பதைக் கொண்டே இரண்டையும் பிரித்தறிகின்றனர். பிரெஞ்சுக்காரரோ அதிர்வு முன்னதாகவே தொடங்கியதா என்பதைக் கொண்டு பிரித்தறிகின்றனர். ஆகவே மூச்சு விட்டுச் சொல்லும் மாணவர் தேவையில்லாத இடத்தில் உழைக்கின்றார். உழைக்கவேண்டிய இடத்தை விட்டுவிடுகின்றார்.

1954-ஆம் ஆண்டு வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில், ஆங்கிலம் கல்லாமல் பிரெஞ்சு மட்டுமே கற்ற முதியோர் சிலரோடு பேசிப் பழகும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அவர்கள் பேசும் பிரெஞ்சில் வேறு தமிழ்ச் சாயல்கள் உண்டு. இந்த மூச்சு மட்டும் இல்லை. அவர்கள் எதையும் மறக்கவேண்டிய நிலையில் இல்லை. நம் மாணவருக்கோ கற்பதைக் காட்டிலும் மறப்பதே வேலை.

மறக்கும் வழி மூன்று படிகளை உடையது. முதற்படி, மூச்சு இருக்கிறதா என்று அறிதல். மெல்லிய தாளில் இரண்டு விரல் அகலமும் ஒரு சாண் நீளமுமாக ஒரு கீற்றுக் கிழித்துக்கொள்க. அதன் மேல்நுனியைப் பிடித்து, உதட்டுக்கு நான்கு விரல் தொலைவில் தொங்கவிடுக. ஆங்கில எழுத்துப் பெயராகிய 'பி' என்பதனை ஆங்கிலேயரைப் போலச் சொல்க. தாள் விலகி ஆடும். இனி, 'பல்' என்று தமிழில் சொல்க. தாள் ஏறத்தாழ அசையாமல் நிற்கும். அசையாமல் நின்ற அந்தப் பகரமே பிரெஞ்சுப் பகரம். தகரத்திற்கும் ககரத்திற்கும் தாள் அவ்வளவு நன்றாகத் துணைசெய்யாது. ககரத்தின் மூச்சு வாயின் உட்புறத்திலேயே சிதறிவிடுகிறது. அவ்விரண்டுக்கும் கைப்பேசியில் குரலைப் பதிந்து கேட்பது நலம். எழுத்துக்கும் உயிருக்கும் நடுவே ஹகரம் போன்ற ஓர் ஓசை கேட்டால், மூச்சு உண்டு என்று அறியலாம்.

இரண்டாம் படி, தமிழ்ச் சொல்லின் உதவியால் பிரெஞ்சுச் சொல்லை அடைதல். 'அப்பா' என்று சொல்லத் தொடங்கி, 'அப்' என்ற அளவில் உதடுகளை மூடியவாறே ஒரு நொடி நிறுத்துக. மார்பிலிருந்து காற்றைத் தள்ளாமல் உதட்டை மட்டும் திறந்து, 'பா' என்று விடுக. இந்தப் 'பா' பிரெஞ்சு மொழியில் 'இல்லை' என்னும் பொருளில் வழங்கும் சொல். அவ்வாறே 'அத்தான்' என்பதில் 'அத்' என்று நிறுத்தி, 'தா' என்று விடுக. அது பெண்பாற் பெயரின் முன் 'உன்' என்று பொருள்படும் சொல். 'அக்கா' என்பதில் 'அக்' என்று நிறுத்தி விட்டால், 'கா' என்னும் எழுத்தின் பெயரே கிடைத்துவிடும். அப்போது ஒரு விரலைத் தொண்டைமேல் வைத்துக்கொண்டால், வாய் திறந்தவுடனே அதிர்வு தொடங்குவதை உணரலாம். சிறிது பழகிய பின், முன்னுள்ள 'அப்', 'அத்', 'அக்' ஆகியவற்றை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு, பின்பகுதியை மட்டும் வெளியே சொல்லவேண்டும்.

மூன்றாம் படியே இன்றியமையாதது. மூச்சை நீக்கியபின் இரண்டு 'போ'வும் ஒன்றாகிவிடுமே என்ற அச்சம் மாணவர் நெஞ்சில் இருக்கும் வரை, மூச்சு திரும்பத் திரும்ப வரும். ஆதலால் அதிர்வுள்ள பகரத்தை வலுப்படுத்தவேண்டும். பம்பரத்தின் நடுவிலுள்ள 'ம்ப' என்பதை எடுத்துக்கொள்க. 'ம்போ' என்று பலமுறை சொல்க. பின்பு மகரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, மூக்கின் ஓசை மறைந்து, உதடு மூடியிருக்கும்போதே தொண்டையில் முரலும் அதிர்வு மட்டும் எஞ்சுமாறு செய்க. அதுவே 'அழகியது' என்னும் 'போ'. 'ந்தூ' என்பதிலிருந்து 'மென்மையானது' கிடைக்கும்; 'ங்கார்' என்பதிலிருந்து 'இருப்பூர்தி நிலையம்' கிடைக்கும். ஒரு புறம் அதிர்வு முன்னதாகவே நிற்க, மறுபுறம் மூச்சின்றி எழுத்து நிற்க, இரண்டும் தெளிவாகப் பிரிந்துவிடும். மூச்சுக்கு அங்கே வேலையில்லை.

பொறியியல் கற்ற மாணவர் ஒருவர், மேற்படிப்புக்காகப் பிரான்சு செல்லும் எண்ணத்தோடு என்னிடம் வந்தார். 'அப்பா பாரிசை விட்டுப் புறப்படுகிறார்' என்னும் பொருளுடைய சிறு தொடரை அவருக்குக் கொடுத்தேன். பிரெஞ்சில் அது 'பபா கித் பாரி' என்று ஒலிக்கும். மூன்று எழுத்துகளும் அதில் வருகின்றன. பகரம் மூன்று முறை வருகிறது. அவர் முதல்முறை படித்தபோது, 'ப்ஹப்ஹா க்ஹிட் ப்ஹாரி' என்று கேட்டது. பகரம் வந்த மூன்று இடத்திலும் தாள் ஆடியது.

'அப்பா', 'அக்கா' என்ற பயிற்சிக்குப்பின், சொன்முதல் எழுத்துகள் விரைவில் நேராயின. அப்போது புதியதொரு பிழை தலைகாட்டியது. 'பபா' என்பதன் நடுவிலுள்ள பகரம், 'தபால்' என்பதில் வரும் பகரம்போல அதிர்வுடன் நெகிழ்ந்துவிட்டது. மூச்சை நீக்கியவுடன் தமிழ் இயல்பு முழுவதும் திரும்பி வந்ததன் அடையாளம் அது. இரண்டு உயிருக்கு நடுவே தனித்து வரும் வல்லெழுத்து தமிழில் நெகியும், பிரெஞ்சில் நெகிழாது. அதனைத் திருத்த, 'பப்பா' என்று இரட்டித்துச் சொல்லச் செய்தேன். அதிர்வு போயிற்று, ஆனால் உதடு மூடிய நேரம் நீண்டுவிட்டது. இரட்டித்த ஒலியின் உறுதியை வைத்துக்கொண்டு, அதன் நீளத்தை மட்டும் குறைக்கச் சொன்னேன். கையால் மேசையில் தட்டி, இரண்டு பகரத்துக்கும் ஒரே அளவு காலம் கொடுக்கப் பழகினார். மூன்று வாரத்தில் தொடர் முழுவதும் நேராயிற்று. 'கித்' என்பதன் ஈற்றில் 'டி' என்று ஒலித்துவந்த நாவைப் பல்லுக்கு இறக்க, 'பத்து' என்னும் சொல்லே போதுமானதாயிற்று. அதன் ஈற்று உகரத்தை அறவே குறைத்தால், பிரெஞ்சுச் சொல்லின் ஈற்றுத் தகரம் கிடைக்கும்.

இதே நெகிழ்ச்சி மூக்கொலிக்குப் பின்னும் நேரும். பிரெஞ்சில் வெட்கத்தைக் குறிக்கும் சொல்லும், அலையைக் குறிக்கும் சொல்லும் தமிழில் எழுதினால் 'ஓந்த்' என்றே அமையும். முன்னதன் ஈற்றில் அதிர்வில்லை. பின்னதன் ஈற்றில் அதிர்வு உண்டு. 'பந்து' என்று பழகிய நாவுக்கு இரண்டும் அலையாகவே முடியும். இங்கே மூச்சுவிட்டு அழுத்துவது பயன்தராது. செய்யவேண்டுவது வேறு. பிரெஞ்சுச் சொல்லில் உண்மையில் நகரமே இல்லை. ஓகாரம் மூக்கின் வழியாகவும் ஒலிக்கிறது, அவ்வளவே. நாவைத் தரையில் கிடத்தி, நகரத்திற்காக அது பல்லைத் தொடாதவாறு ஓகாரத்தை மூக்கால் ஒலித்து, அதன்பின் புதிதாகத் தகரத்தைத் தொடங்கவேண்டும். நகரம் இல்லையெனில், தகரத்தை நெகிழச் செய்வதும் இல்லை.

மூச்சை முற்றும் ஒழிக்கவேண்டும் என்று எண்ணுவதும் தவறு. 'யார்' என்னும் பொருளுடைய 'கி' என்ற சொல்லில், நா மேலண்ணத்தை நெருங்கி நிற்பதால், பிரெஞ்சுக்காரர் வாயிலும் காற்று சற்றே உரசிச் செல்லும். கனடா நாட்டில் குபெக் மாநிலத்தார், தகரத்தின்பின் இகரமோ, இதழ் குவித்துச் சொல்லும் பிரெஞ்சு உகரமோ வருமாயின், அதனை 'த்ஸ்' என்று ஒலிப்பர். மொந்திரயால் நகரில் வாழும் தமிழர் இதனை நாள்தோறும் கேட்கின்றனர். அது ஆங்கில மூச்சன்று. அந்நாட்டுப் பிரெஞ்சின் வழக்கு. அதனைத் திருத்தப் புகுவது வேண்டாத வேலை.

பிரெஞ்சுப் புத்தகத்தைத் திறக்குமுன், எழுத்துகளின் பெயரைப் பிரெஞ்சு முறையில் சொல்லிக்கொள்ளுமாறு என் மாணவருக்குக் கூறுவதுண்டு. 'பி, டி, கே' என்று சொன்ன வாயில் ஆங்கிலம் வந்து அமர்ந்துவிடும். 'பே, தே, கா' என்று, பல்லையும் தலையையும் கல்லையும் சொல்லும் அதே வாயால் சொன்னால், தாள் அசையாது நிற்கும்.